நெட்டைக்கு ஒரு நன்றி

"என்னைப் பத்தி நீங்க ஒரு வரி கூட எழுதக் கூடாது."

மேலாளரின் மேசைக்கு முன்னால் வந்து நின்று அவன் சொன்னான். ஆறடிக்கு மேல் உயரம் என்பதால் அலுவலகம் முழுக்க அவனை நெட்டை என்றே கூப்பிட்டது. லிஃப்ட் பழுது பார்க்கும் நிறுவனம் அது. எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் முதலில் நெட்டைக்குத்தான் போன் போகும். மெக்கானிக்குகள் அவன் பேச்சைத் தட்டவே மாட்டார்கள்.

மேலாளருக்கும் அவனுக்கும் ஆகவே ஆகாது. போன மாதம் பிரிவுத் தலைவர் பதவியை அவள் வேறொருவருக்குக் கொடுத்தாள். மறுநாளே அவன் ராஜினாமா எழுதி நீட்டினான். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

"எழுதாம எப்படி? பாதிப் பேருக்கு அரசல்புரசலா தெரிஞ்சுபோச்சு. மீதிப் பேர் கதை கட்டுறாங்க. மதியத்துக்குள்ள வாட்ஸ்அப் குழுவுல போடச் சொல்லி நிர்வாகத்துலருந்து சொல்லிட்டாங்க."

அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள். அவன் ஏளனமாக ராகம் போட்டு வாசித்தான். "புதிய வாய்ப்புகளைத் தேடிச் செல்லும் நம் அன்புச் சகோதரருக்கு... தேடிப் போறேனா? நீங்க பிடிச்சுத் தள்ளுனீங்க, போறேன்."

"காரணம் ஒண்ணும் போடல. வேணும்னா அந்த வரியை எடுத்துடறேன்."

"நன்றியையும் எடுங்க. உங்க வாயால எனக்கு நன்றி வேண்டாம்."

அவன் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான். அவளுக்கும் உள்ளுக்குள் கொதித்தது. மெக்கானிக்குகளுக்கு முன்னால் தன் உத்தரவைக் கிண்டலடித்தவன், தனக்குத் தெரியாமல் வேலையை மாற்றிக் கொடுத்தவன். இவனைப் போய் எதற்குப் புகழ வேண்டும்?

ஆனாலும், அவன் வேலையை யார் பார்ப்பது என்று சொல்லாமல் செய்தியைப் போட முடியாது. கண்ணாடி என்று எல்லோரும் கூப்பிடும் பெண்ணைத் தேடி உதிரிபாக அறைக்குப் போனாள்.

"நானா? அவரு இடத்துல நான் உக்காந்தா என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாங்க, மேடம்."

"ஆஸ்பத்திரி லிஃப்ட் மட்டும் நீ பாரு. மத்த கட்டடங்களும் ராத்திரி அவசர போனும் ஒரு மாசத்துக்கு என் பொறுப்பு."

"நீங்களே போன் எடுப்பீங்களா?" கண்ணாடிக்கு நம்பிக்கை வரவில்லை.

"எடுப்பேன். உன் பேரைப் போடலாமா?"

"போடுங்க. ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள அவரு என்னைக் கூட்டிட்டுப் போய் ஒவ்வொரு ஆஸ்பத்திரியையும் காட்டணும். அதையும் எழுதுங்க."

திரும்பி வந்து மேலாளர் எல்லாவற்றையும் அழித்தாள். 'அன்புச் சகோதரர்' போனார். அவனை நினைத்தபோது கோபத்தோடு சேர்ந்து இன்னொன்றும் வந்தது: மகப்பேறு மருத்துவமனையில் லிஃப்ட் பாதியில் நின்ற நாள். உள்ளே வலி எடுத்த பெண். கதவு திறக்கும் வரை நெட்டை போனை வைக்கவேயில்லை. அந்தப் பெண்ணை மூச்சை எண்ணச் சொல்லிக்கொண்டே இருந்தான். அதை எழுதினாள். எழுதப் பிடிக்கவில்லை, ஆனால் நடந்தது அதுதான்.

அவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். நின்றபடியே படித்தான்.

"கதவைத் திறந்தது நான் இல்ல, நம்ம கறுப்புச் சட்டைக்கார மெக்கானிக். அவரைச் சேருங்க."

சேர்த்தாள்.

"போடுங்க," என்றான். முகம் கொஞ்சமும் இளகவில்லை.

செய்தி குழுவில் போனது: கடைசி நாள், அந்த மருத்துவமனை நாளுக்கான நன்றி, யாருக்கு எந்த வேலை, கண்ணாடியோடு ஆஸ்பத்திரிகளைச் சுற்றிவரும் ஏற்பாடு, சந்தேகம் இருந்தால் மூன்று மணிக்குக் கூட்டம். நெட்டையின் பேருக்கு இதயங்கள் குவிந்தன. பிறகு ஒரு மெக்கானிக் எழுதினான்: "ஆளை விரட்டிட்டு நன்றி வேறயா?"

அவள் அதை அழிக்கவில்லை. "போற காரணத்தை அவர்தான் சொல்லணும். வேலையைப் பத்தி என்ன வேணும்னாலும் என்கிட்ட கேளுங்க," என்று பதில் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து நெட்டை எழுதினான்: "நாளைக்குக் காலைல கண்ணாடியோட ஆஸ்பத்திரிக்குப் போறேன். அங்க வேலை பாக்கற மெக்கானிக்குங்க எல்லாம் வாங்க. இனிமே கண்ணாடி சொன்னா நான் சொன்ன மாதிரி."

மூன்று மணிக் கூட்டத்துக்கு எல்லோரும் வந்தார்கள். மேலாளரின் முகத்தை யாரும் பார்க்கவில்லை. ஆனால் கண்ணாடியிடம் கேள்வி கேட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை பக்கத்து அறையில் கேக் வெட்டினார்கள். அவளை அழைக்கவில்லை. கைதட்டல் சுவரைத் தாண்டி வந்தது. அது அடங்கியபின் நெட்டை வந்து அவசர போனை மேசைமேல் வைத்தான்.

"இது சார்ஜ் நிக்காது. தலைமாட்டுலயே வயரைப் போட்டு வையுங்க."

"சரி."

"ராத்திரி முதல் மணியிலயே எடுக்கணும். மாட்டிக்கிட்டவங்க ரெண்டாவது மணிக்கே அழ ஆரம்பிச்சிடுவாங்க."

அவன் கை நீட்டவில்லை. அவளும் நீட்டவில்லை. அவன் போனபின் அவள் பையைத் திறந்து வயரைத் தேடினாள்.