நாலாவது வாக்கியம்

எனக்கு எழுத வரும் என்று என்னைத் தவிர யாரும் சொன்னதில்லை. தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் கம்பெனியில் புகார் எடுப்பதுதான் என் வேலை. காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை காதில் ஊரார் வசவு, கை அதைச் சுருக்கிக் கணினியில் ஏற்றும். நாள் முழுக்க அடுத்தவர் எரிச்சலை எழுதுகிறவளுக்கு, யாரையாவது நாலு வார்த்தை பாராட்டி எழுதக் கிடைத்தால் அது ஒரு குளியல். அப்படித்தான் அந்த மருந்துக்கடையைப் பற்றி எழுதினேன்.

எங்கள் தெருமுனைக் கடை. நாலு வருடமாக என் தைராய்டு மாத்திரையும் வீட்டுக்காரரின் பிரஷர் மாத்திரையும் அங்கேதான். கடைக்காரர் மூக்கு நுனியில் கண்ணாடி, சட்டைப்பையில் மூன்று பேனா. மருந்தாளர் படிப்பு படித்தவர், அதை மறக்காதவர். மாத்திரையைப் பேப்பர் கவரில் போடுமுன் ஒவ்வொன்றையும் காட்டி, "இது வெறும் வயித்துல, இதுக்கும் காபிக்கும் அரை மணி நேரம் இடைவெளி வேணும்" என்று சொல்லி, திரும்ப நம்மையே சொல்லச் சொல்வார். பள்ளிக்கூடத்தில்கூட என்னை இப்படி யாரும் ஒப்பிக்க வைத்ததில்லை.

ஒரு நாள் கல்லா மேடையில் புதிதாக ஓர் அட்டை நின்றது. 'எங்கள் சேவை பற்றி இணையத்தில் எழுதுங்கள்: மருந்து இருப்பு, அளவு விளக்கம், நியாய விலை, வீட்டு டெலிவரி.' அவர் கூச்சத்தோடு, "ரெண்டு வரி போட்டீங்கன்னா உதவியா இருக்கும்மா. எதிர்ல பெரிய கடை வந்துருச்சு" என்றார்.

ரெண்டு வரியா? என்னிடமா? அன்று மதியமே உட்கார்ந்துவிட்டேன். வேறு எங்கும் கிடைக்காத மருந்துகூட இங்கே இருக்கும் என்று எழுதினேன், உண்மை. எந்த மாத்திரை எப்போது, எதற்கு என்று பொறுமையாக விளக்குகிறார் என்று எழுதினேன், உண்மை. பில் போட்டு, அச்சிட்ட விலையில் பத்து சதவீதம் குறைத்து, விலை அதிகமான கம்பெனி மருந்தைத் தலையில் கட்டாமல் தருகிறார் என்று எழுதினேன், அதுவும் சத்தியம்.

நாலாவதில் கை நின்றது. தெருமுனைக் கடையிலிருந்து யார் வீட்டு டெலிவரி வாங்குவார்கள்? ஆனால் அட்டையில் நாலு இருக்க மூன்றை மட்டும் எழுதினால் மனிதரைக் குறை சொன்னது போல் ஆகிவிடும். அவருடைய பைக் ஆட்கள் விர்ரென்று போய் வருவதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் கம்பெனியில் ஆளை அனுப்பினால் பின்னாலேயே ஒரு போன் போடுவோம். நாங்களே போடும்போது இவ்வளவு நல்ல மனிதர் போட மாட்டாரா? எழுதினேன்: 'வீட்டுக்கு அனுப்பினாலும் சொன்ன நேரத்துக்கு வந்துவிடும். மருந்து வந்ததும் கடைக்காரரே போன் செய்து, எதை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று விளக்குவார்.' ஐந்து நட்சத்திரம் போட்டு அனுப்பினேன். நூற்றுச் சொச்சம் பேர் 'பயனுள்ளது' என்று அமுக்கினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவுக்கு அதை அனுப்பி, "பாத்தியா, உன் தங்கச்சி பெரிய எழுத்தாளர்" என்றேன்.

அக்கா அதே ஊரில், பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தாள். என்னைவிட ஆறு வயது மூத்தவள். சின்ன வயதில் என்னை இடுப்பிலேயே தூக்கித் திரிந்து அவள் இடுப்பு கோணிவிட்டது என்று அம்மா கேலி செய்வாள். ஒரு வருடமாக விரல் மூட்டுகள் வீங்கி, காலையில் பல் துலக்கும் பிரஷ்ஷைக்கூடப் பிடிக்க முடியாமல் இருந்தாள். முடக்குவாதம் என்று கண்டுபிடித்து, பெரிய டாக்டர் புது மருந்து எழுதினார்.

அன்று மாலை போன் செய்தாள். "மூணு மாத்திரைடி. அதுல ஒண்ணு வாரத்துக்கு ஒரு தடவையாம். எதுன்னு கேக்கறதுக்குள்ள அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாங்க. மருந்துக்கடையில கவர் மேல எழுதித் தருவாங்கன்னு நர்ஸ் சொன்னா. இங்க கடையில அந்த மருந்தே இல்ல. உன் கடையில வாங்கிக் கொண்டுவந்து கொடுக்கிறியா?"

எனக்கு மாதக் கடைசி. எண்பது புகார் முடிக்காமல் கிடந்தது. "நான் எதுக்குக்கா நடுவுல? சீட்டைப் போட்டோ எடுத்துக் கடைக்கு அனுப்பு, அவங்களே கொண்டுவந்து கொடுப்பாங்க. நான் எழுதினதை நீ படிக்கவே இல்லையா?" என்று செல்லமாகக் கோபித்துக்கொண்டேன்.

"படிச்சேன்டி, படிச்சேன். உன் வாய் மாதிரியே நீளம்" என்றாள்.

மருந்து நாற்பது நிமிடத்தில் போய்விட்டது. அந்த வார மாத்திரையின் அட்டையை வெட்டித் தராமல் பத்தும் முழுசாகப் போயிருந்தது. கவர்களில் காலை, மதியம், இரவு என்று அச்சிட்ட மூன்று கட்டம் உண்டு. வாரம் என்று கட்டம் கிடையாது. மேடையில் நேரில் வாங்கினால் கடைக்காரர் கட்டங்களை அடித்துவிட்டுக் கிழமையைப் பெரிதாக எழுதுவார். டெலிவரிக்குப் போகும் மருந்தைக் கட்டுவது பின்னறையில் வேறு ஆட்கள். அவர்கள் மூன்று கவரிலும் 'காலை' கட்டத்தில் ஒன்று என்று போட்டு அனுப்பியிருந்தார்கள். இதெல்லாம் பிறகு தெரிந்தது.

எட்டாம் நாள் அக்கா பேசியபோது குரல் கொழகொழவென்றிருந்தது. "வாயெல்லாம் புண்ணுடி. தண்ணி குடிச்சாக்கூட எரியுது."

"சூடா இருக்கும். நல்லாத் தூங்கு" என்றேன். காதில் இன்னொரு புகார் காத்திருந்தது. இப்போது அந்த வார்த்தையை நினைத்தால் என் நாக்கைப் பிடுங்கி எறியலாம் போலிருக்கிறது.

பத்தாம் நாள் காய்ச்சல் நூற்றி மூன்று. அக்கா வீட்டுக்காரர், என் மாமா, அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நான் போய்ச் சேர்ந்தபோது அக்காவின் உதடு வெடித்து ரத்தம் கட்டியிருந்தது, கையில் அடித்தது போல் நீலத் திட்டுகள். இளம் டாக்டர் ஒருத்தி மாமா கொண்டுவந்த மருந்துப் பையைக் கட்டிலில் கொட்டி, ஓர் அட்டையை எடுத்தாள். ஒன்பது குழி காலி.

"இதை எத்தனை வாரமா சாப்பிடுறாங்க?"

"வாரமா? பத்து நாளா" என்றார் மாமா. "தினமும் காலையில. இன்னைக்கு விழுங்க முடியல."

டாக்டர் அட்டையைக் கீழே வைக்காமல் மாமாவையே பார்த்தாள். "இது வாரத்துக்கு ஒண்ணு, சார். ரெண்டு மாசத்துக்கான மருந்து உள்ள போயிருக்கு. எலும்புக்குள்ள ரத்தம் ஊறுறதையே இது நிறுத்திடும்." ஓடினாள். முறிவு ஊசியை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை போட்டார்கள். வெள்ளை அணுக்கள் ஐநூறுக்கும் கீழே போயிருந்தன. சிறுநீரகமும் தளர்ந்ததால் மருந்து உடம்பை விட்டு இறங்க மறுத்தது. அவளை வைத்திருந்த தனி அறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று நான் கையை ஆட்டுவேன். முதல் மூன்று நாள் அவளும் ஆட்டினாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த பன்னிரண்டாம் நாள் அதிகாலை போய்விட்டாள்.

காரியங்கள் முடிந்த மறுநாள் நான் கடைக்குப் போய்க் கத்தினேன். வாங்க வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். "கொன்னுட்டியேய்யா என் அக்காவை!" என்று மேடையில் அடித்தேன். கடைக்காரரின் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவி விழுந்தது, எடுக்கவும் இல்லை. கத்தக் கத்த எனக்கு இதமாக இருந்தது. அதைச் சொல்ல வெட்கப்படுகிறேன், ஆனாலும் உண்மை அதுதான்.

மாமா புகார் கொடுத்தார். அடுத்த மாதம் மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் விசாரணை. சின்ன அறை, ஒரு மேசை, சுவரெல்லாம் கோப்பு. ஆய்வாளர் அம்மாள் பில்லையும் கவர்களையும் வரிசையாக வைத்திருந்தார். கடைக்காரரோடு ஒரு வக்கீல். மாமாவுக்கும் கடைக்காரருக்கும் நடுவே நான்.

"கவர்ல தப்பா எழுதினது எங்க ஆளோட கவனக்குறைவுதான், ஒத்துக்கறோம்" என்றார் வக்கீல். "ஆனா டெலிவரி எடுக்கறவங்களுக்குப் போன் பண்ணி அளவு சொல்றது எங்க கட்சிக்காரர் கடையில வழக்கம். சொல்லியிருப்பாங்க, அந்தம்மா சரியா வாங்கிக்கல. இது நாங்க சொல்றது இல்ல. இறந்தவங்களோட சொந்தத் தங்கச்சியே சொல்லியிருக்காங்க." ஒரு காகிதத்தை மேசையில் நகர்த்தினார்.

என் ஐந்து நட்சத்திரமும் அதில் அச்சாகியிருந்தது. ஆய்வாளர் நாலாவது வாக்கியத்தை நிதானமாகச் சத்தம் போட்டு வாசித்தார். கடைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு வழக்கம் இல்லை என்று அவருக்குத் தெரியும், அதை நானாகவே எழுதினேன் என்று எனக்குத் தெரியும்.

"இது நீங்க எழுதினதா?"

"ஆமா மேடம்."

"டெலிவரி வாங்கியிருக்கீங்களா? உங்களுக்குப் போன் வந்திருக்கா?"

ஆமாம் என்றால் கடை தப்பித்துவிடும், பழி என் அக்கா தலையில் விழும். இல்லை என்றால் மாமா முகத்தை நான் பார்த்தாக வேண்டும். ஒரு மாதமாக நான் யாரையெல்லாம் திட்டினேன் என்று நினைத்துக்கொண்டேன். நர்ஸை, பெரிய டாக்டரை, கடையை, பைக்கில் போனவனை. என்னை மட்டும் விட்டுவைத்திருந்தேன்.

"இல்ல மேடம்" என்றேன். "ஒரு தடவைகூட வாங்கினது இல்ல. போன் பண்ணுவாங்கன்னு நானா எழுதினேன். பொய். நாலும் எழுதினா நல்லா இருக்குமேன்னு எழுதினேன்."

ஆய்வாளர் எழுதிக்கொண்டார். வக்கீல் காகிதத்தை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தார். கடைக்காரர், "போன் யாரும் போடல. போடுற வழக்கமே இல்ல மேடம்" என்று மெதுவாகச் சொன்னார். அதுவும் பதிவானது. கடையின் உரிமத்தை நிறுத்திவைக்கப் பரிந்துரை செய்வதாக ஆய்வாளர் சொன்னார். நாங்கள் ஜெயித்துவிட்டோம்.

வெளியே வராந்தாவில் மாமா சுவரில் சாய்ந்து நின்றார். திட்டுவார், அடித்தாலும் அடிக்கட்டும் என்று பக்கத்தில் போனேன்.

"மாமா, தெரியாம..."

"மருந்து வந்த அன்னைக்கு அவ அதைத் தொடல" என்றார். என்னைப் பார்க்காமல் பேசினார். "கடைக்காரர் போன் பண்ணுவாரு, சின்னவ எழுதியிருக்கான்னு போனை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. நான்தான் சொன்னேன், நாமளே கூப்பிட்டுக் கேப்போம்னு. வேணாம், அவரே பண்ணுவாருன்னா. மறுநாள் காலையில, 'போன் வரலையே, அப்போ சொல்றதுக்கு விசேஷமா ஒண்ணும் இல்ல போலிருக்கு, வாரத்துக்கு ஒண்ணுன்னு எனக்குத்தான் தப்பாக் கேட்டிருக்கும், கவர்ல இருக்கிறபடியே போட்டுக்கறேன்'னு சொல்லி முதல் மாத்திரையைப் போட்டா."

மாமா படியிறங்கிப் போனார். நான் பின்னால் போகவில்லை.