மூன்று விதமாக ஒரு வாக்கியம்

தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம், தன் முகம் உள்ளே தெரியாதபடி சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள் மகள். உள்ளே ஐந்தாம் கட்டிலில் அப்பா. நுரையீரலில் சளி கட்டி, ஆக்ஸிஜன் குறைந்து, நினைவு தடுமாறிக் கிடந்தார். ஆக்ஸிஜன் மாஸ்க்கை மாட்டிவிட்டு நர்ஸ் கையை எடுப்பதற்குள் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஃபோன் செய்துதான் அவள் வந்திருந்தாள். வந்தது அப்பாவுக்குத் தெரியாது. நாலு வருஷமாகப் பேசாத முகத்தைப் பார்த்து, இருக்கிற மூச்சும் நின்றுவிட்டால்?

“இப்படியே கழட்டிட்டிருந்தார்னா தொண்டையில குழாய் போட வேண்டியதுதான். இந்த வயசுல போட்டா திரும்ப எடுக்கிறது கஷ்டம்” என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து அவள் கால் தரையில் பாவவில்லை.

நர்ஸ் வெளியே வந்தாள். தமிழ் தெரியாத பெண். கையில் ஒரு தாளும் பேனாவும்.

“‘மாஸ்க்கைக் கழட்டாதீங்க’ன்னு உங்க மொழியில எப்படிச் சொல்றது?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். “மூணு விதமா வேணும். சாதாரணமா பேசுற மாதிரி ஒண்ணு, ஆபீஸர்கிட்ட மரியாதையா பேசுற மாதிரி ஒண்ணு, ரொம்பப் பிரியமானவங்ககிட்ட சொல்ற மாதிரி ஒண்ணு. அவர் எதுக்கு மசிவார்னு எனக்குத் தெரியல. சொல்லிப் பார்த்தாதான் தெரியும்.”

மகள் சொல்லச் சொல்ல, நர்ஸ் தன் எழுத்தில் ஒலியைக் குறித்துக்கொண்டாள். சாதாரணம்: “மாஸ்க்கைக் கழட்டாதீங்க.” மரியாதை: “தயவுசெய்து முகக்கவசத்தை அகற்ற வேண்டாம்.” மூன்றாவதற்கு வாய் வரவில்லை.

“சொல்லேன்” என்றான் கூட வந்திருந்த கணவன். “எனக்கு உங்கப்பா சொன்ன ஒரே வாக்கியம் ‘வெளியே போ’. அதுலயும் ‘போங்க’ன்னு ஒரு மரியாதை கிடையாது. நான் சொல்லித்தர முடியுமா?”

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன அவளுக்கு.

“மாஸ்க்கைக் கழட்டாதப்பா, என் தங்க அப்பால்ல.”

“‘நீ’ போட்டா சொல்ற?” என்றான் கணவன்.

“சின்னதுலேர்ந்து ‘நீ’தான். சண்டை வந்தப்பறம்தான் ‘நீங்க’ ஆச்சு.”

நர்ஸ் உள்ளே போனாள். கதவு ஒருக்களித்திருந்ததால் குரல்கள் கேட்டன. முதலில் மரியாதை.

“எந்த சர்க்குலர்ல போட்டிருக்கு?” என்றார் அப்பா. முப்பது வருஷம் ஆபீஸ் சூப்பிரண்டாக இருந்தவர். நினைவு போனாலும் அதிகாரம் போகவில்லை. மாஸ்க் கழன்று மார்பில் விழுந்தது.

அடுத்தது சாதாரணம். ஈயை விரட்டுவதுபோல் கையை வீசினார். திரையில் ஆக்ஸிஜன் அளவு எண்பத்தேழு, எண்பத்து மூன்றானது. எண்பதும் ஆனது. அபாய மணி விடாமல் அடித்தது. டாக்டர் ஓடி வந்தார். குழாய்த் தட்டைக் கொண்டுவரச் சொல்லும் குரல் கேட்டது. மகள் கணவனின் முழங்கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள்.

நர்ஸ் தாளைப் பார்த்தாள். குனிந்தாள். அந்நிய நாக்கில் தட்டுத்தடுமாறி வந்தது:

“மாஸ்க்கைக் கழட்டாதப்பா. என் தங்க அப்பால்ல.”

வீசிய கை அந்தரத்தில் நின்றது. மாஸ்க்கை முகத்தில் பொருத்தினாள் நர்ஸ், அவர் தடுக்கவில்லை. ஆனால் தலை இப்படியும் அப்படியுமாக எதையோ தேடி உருண்டது. டாக்டர் தட்டைத் தொடாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நர்ஸ் கதவருகே வேகமாக வந்தாள். “திரும்பத் திரும்ப ஏதோ சொல்றார். ‘எங்க அவ, எங்க அவ’ன்னு. என்ன அர்த்தம்? சொல்லிச்சொல்லி மறுபடி மாஸ்க்கை இழுக்கப் பார்க்கிறார்.”

மகள் கதவை விட்டு ஓர் அடி பின்வாங்கினாள். “என்னைத்தான் கேக்கிறார். என்னைப் பார்த்து இன்னும் மோசமாயிட்டா?”

“பார்க்கலேன்னா கழட்டிடுவார்” என்றாள் நர்ஸ். “டாக்டர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். ரெண்டு நிமிஷம். வாங்க.”

கணவன் அவள் முதுகில் கை வைத்துத் தள்ளினான். “போம்மா. நான் இங்கயே நிக்கிறேன். என்னைப் பார்த்தா நிச்சயம் பிடுங்கிடுவார்.”

கட்டிலருகே போய் நின்றாள். அப்பாவின் கண்கள் அவள்மேல் வந்து நின்றன. அடையாளம் தெரிந்ததா என்று புரியவில்லை. விரல்கள் மெல்ல மாஸ்க்கின் ஓரத்துக்கு ஏறின. அவள் அந்தக் கையைப் பிடித்தாள். பயத்தில் மூன்று விதமும் மறந்துபோய், நாலாவதாக ஒன்று வெடித்துக்கொண்டு வந்தது.

“கை வச்சே, அப்பறம் உங்கூடப் பேசவே மாட்டேன்!”

மாஸ்க்குக்குள் பனி படர்ந்தது. உள்ளேயிருந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சாக வந்தது:

“நாலு வருஷமா... மட்டும்... பேசினியாடி... கழுதை.”

விரல்கள் மாஸ்க்கை விட்டுவிட்டு அவள் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டன. எண்பத்து நாலு என்றது திரை. டாக்டர் தட்டை எடுத்துப்போகச் சொல்லவில்லை. கொஞ்சம் தள்ளி மட்டும் வைத்தார். ரெண்டு நிமிஷம் முடிந்தும் அவளை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை.