தொடர்பு விட்டுப்போன அறுபது பேர்

அமெரிக்காவின் டுலூத் நகரில் உணவியல் முதலாண்டு வகுப்பு. எங்கள் ஊரில் நடந்த ஒரு ஆய்வையே திரையில் கேள்வியாகப் போட்டேன். ஜூஸ் மட்டுமே குடிக்கும் உணவு முறையில் நூறு பேர் சேர்ந்தார்கள். நாற்பது பேர் முடித்தார்கள். முடித்த அத்தனை பேரும் இளைத்தார்கள். இந்தச் சான்று வலுவானதா?

இதைக் காட்டித்தான் ஜூஸ் கடைக்காரன் புட்டி விற்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"சுத்த வீக், மேடம்," என்றான் பிராடி. "ஒப்பிட்டுப் பார்க்க வேற குழுவே இல்ல. முடிச்சவங்கள மட்டும் எண்ணியிருக்காங்க. மீதிப் பேரு டோனட் கடைக்கு ஓடியிருப்பாங்க."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

"எங்கப்பா ஓடல," என்றாள் கடைசி வரிசை சிக்ரிட். "சாகுற வரைக்கும் ஜூஸ்தான் குடிச்சாரு."

சிரிப்பு நின்றது. திரையில், மீதி அறுபது பேருக்கு எதிரே, ஆய்வறிக்கையின் சொற்கள் அப்படியே இருந்தன: தொடர்பு விட்டுப்போனவர்கள்.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு நம்பர அம்மா இன்னும் துண்டிக்காம வச்சிருக்காங்க, மேடம். கூப்பிட்டா, செய்தி விடுங்கன்னு அப்பா குரல்தான் சொல்லும். இந்த ஆய்வு பண்ணவங்க ஒரு தடவகூட கூப்பிடல."