மூன்றுக்கு மேலே ஒரு மூலம்

"அனுப்பாதிய சார்! கைய எடுங்க!"

ஷமீமா கத்திக்கொண்டே உள்ளே வந்தாள். ஜெயராமின் ஆள்காட்டி விரல் மவுஸின் மேல் இருந்தது. கணினித் திரையில் முடிவு மெயில் தயாராக நின்றது. ஒரு தட்டுத் தட்டினால் வேலை கிடைத்தவருக்கு வாழ்த்து போய்விடும், மற்றவர்களுக்கு வருத்தச் செய்தி போய்விடும்.

விரல் அந்தரத்தில் நின்றது.

"என்னம்மா இது, ரெய்டு வந்த மாதிரி?" என்றார் ஜெயராம். மும்பை செம்பூரில் ரயில் நிலையத்தை ஒட்டிய அந்தக் கோச்சிங் நிலையத்தின் முதலாளி அவர். மாடுங்காத் தமிழர். பதறுகிறவர்களைப் பார்த்தால் அவருக்கு டீ குடிக்கத் தோன்றும். "டீ சொல்லட்டுமா?"

"மூணாம் கேள்விக்கு விடைக்குறிப்பு தப்பு சார்."

எதிர் நாற்காலியில் இருந்த சங்கரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். வினாத்தாள் அவருடையது. திருத்தியதும் அவரே. "தப்பா? நான் போட்ட கீயா?"

"ஆமா சார்."

"பேஷ்!" என்றார் சங்கரன். அவர் பேஷ் என்றால் கோபம் என்பது அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

விஷயம் இதுதான். தமிழில் ஜே.இ.இ. எழுதுகிற பிள்ளைகளுக்காக ஜெயராம் புதிதாக வீடியோ வகுப்பு தொடங்குகிறார். ஸ்டூடியோ செம்பூரில். தமிழில் கணிதம் நடத்த ஷமீமாவைத் தவிர இன்னும் ஓர் ஆள் வேண்டும். அதற்குத்தான் ஆசிரியர்களுக்கே பரீட்சை. செம்பூர், சென்னை, ஹைதராபாத் என்று மூன்று மையங்கள். எல்லோரும் கணினியில்தான் எழுதினார்கள். அச்செடுத்த விடைத்தாளில் பெயர் கிடையாது, குறியீட்டு எண் மட்டும்.

விண்ணப்பித்தவர்களில் சைஃபும் ஒருவன். ஷமீமாவின் கணவன்.

அதை அவள் முதல் நாளே ஜெயராமிடம் சொல்லிவிட்டாள். "பேரு யாருக்கும் தெரியாது, நீ கூட்டல் மட்டும் சரிபாரு, போதும்" என்றார் அவர். அந்தக் கூட்டலைப் பார்க்கப் போய்த்தான், இப்போது கையில் இருக்கும் தாளில் அவள் கண் நின்றது.

"கேள்விய நானே படிக்கிறேன்" என்றார் சங்கரன். "x ஸ்கொயர் மைனஸ் 2ax ப்ளஸ் a ஸ்கொயர் மைனஸ் 1 சமம் பூஜ்யம். இச்சமன்பாட்டின் ஒரு மூலம் 3-ஐ விடப் பெரியது எனில் a-யின் மதிப்புகளைக் காண்க. இதுல என்ன தப்பு? பெரிய மூலம் மூணுக்கு அந்தண்ட, சின்ன மூலம் இந்தண்ட. மூணு நடுவுல. அப்போ x-க்கு மூணு போட்டா நெகட்டிவ் வரணும். a ஸ்கொயர் மைனஸ் 6a ப்ளஸ் 8, பூஜ்யத்துக்குக் கீழே. a ரெண்டுக்கும் நாலுக்கும் நடுவுல. முடிஞ்சது."

"நாலையே போட்டுப் பாருங்க சார்."

"நாலா?"

ஷமீமா வெள்ளைப் பலகைக்குப் போனாள். பேனா மூடியைப் பல்லால் கழற்றினாள். "a நாலுன்னா, x ஸ்கொயர் மைனஸ் 8x ப்ளஸ் 15. மூலம் என்ன?"

"மூணும் அஞ்சும்."

"அஞ்சு மூணை விடப் பெரிசு. மூணு மூணை விடப் பெரிசா?"

சங்கரன் நாற்காலியைப் பலகைப் பக்கம் திருப்பினார்.

"இல்லல்லா? அப்ப மூணுக்கு மேல ஒண்ணுதான் இருக்கு. நாலும் விடையில சேரணும். நீங்க அதை வெளிய தள்ளிட்டிய. ரெண்டு பக்கம் ரெண்டும் பிரிஞ்சு நிக்கணும்னு கேள்வி கேக்கல சார். சின்ன மூலம் மூணுலயே நின்னாலும் தப்பில்ல."

ஜெயராம் மவுஸிலிருந்து கையை முழுசாக எடுத்தார். "அப்புறம் a ரெண்டு?"

"அப்ப மூலம் ஒண்ணும் மூணும். மூணுக்கு மேல யாருமே இல்ல. அது சேராது."

"சரி, ஒரு புள்ளி" என்றார் சங்கரன், குரல் இறங்கி. "ஒரு புள்ளிக்கா இந்தக் கூச்சல்?"

"இன்னும் இருக்கு சார். அஞ்சு போடுங்க. மூலம் நாலும் ஆறும். ரெண்டுமே மூணுக்கு மேல. இப்ப சொல்லுங்க, 'ஒரு மூலம் மூணை விடப் பெரியது' சரியா தப்பா?"

"தப்பு. ஒருன்னா ஒண்ணு. ரெண்டு இல்லை."

"உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் கல்யாணத்துக்கு வந்தா போதும்னு கூப்பிடுதேன். ரெண்டு பேரும் வந்து நிக்கிய. ஏன் ரெண்டு பேரு வந்தியன்னு பிரியாணிய மூடி வைப்பேனா?"

ஜெயராம் சிரித்துவிட்டார். "சங்கரா, நமக்கு பிரியாணி கிடையாது. அதனால வாதம் செல்லாது."

சங்கரன் சிரிக்கவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "'ஒரு மூலம் மட்டும்'னு போட்டிருக்கணும்" என்றார் மெல்ல. "இல்லேன்னா 'ஒரு மூலமாவது'ன்னு. என் மனசுல மட்டும் இருந்தது, 'மட்டும்' தாள்ல இல்லை."

"மட்டும்னா, a ரெண்டுக்கு மேல, நாலு வரைக்கும், நாலும் சேத்து. ஒண்ணாவதுன்னா a ரெண்டுக்கு மேல எதுன்னாலும் சரி. இந்தத் தாள்ல ரெண்டையும் எழுதியிருக்கு சார். நீங்க சைபர் போட்டிருக்கிய."

அவள் நீட்டிய தாளை ஜெயராம் வாங்கி உரக்கப் படித்தார். "'கேள்வியில் உள்ள ஒரு என்பது ஒன்று மட்டும் என்றா, ஒன்றாவது என்றா என்று சொல்லப்படவில்லை. எனவே இரண்டுக்கும் விடை தருகிறேன். கேட்டவர் எதை நினைத்தாரோ அதை எடுத்துக்கொள்ளட்டும்.' அடேயப்பா, வாய்க்கொழுப்பப் பாரு!"

அந்த வாய்க்கொழுப்பைப் படித்த நிமிஷத்தில்தான் காலையில் ஷமீமா கூட்டலை மறந்து அந்தத் தாளை மறுபடி முதலிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.

கையெழுத்து இல்லை. பெயர் இல்லை. ஆனால் குரல்? இது சைஃபின் குரல் இல்லாமல் வேறு யாருடையது?

கல்யாணமான மறு மாதமே ஹைதராபாத் போனவன் அவன். ஹாஸ்டலோடு சேர்ந்த பெரிய கோச்சிங். விடியலில் தொடங்கி ராத்திரி வரை வகுப்பு. குர்லா டெர்மினஸில் அவனை ஏற்றிவிடும்போதெல்லாம் அவள் கேட்பாள், "மறுபடி எப்ப வருவிய?" அவன் ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து, "ஒரு நாள் வருவேன்" என்பான். "ஒரு நாள் மட்டுமா, ஒரு நாளாவதா?" என்பாள் இவள். கணக்கு வாத்திச்சிக்கும் கணக்கு வாத்தியாருக்கும் இடையிலான சரசம் அது. பக்கத்து சீட்டுக்காரர்களுக்கு ஒன்றும் புரியாது. வண்டி நகர்ந்த பிறகு இவளுக்கும் சிரிப்பு நிற்காது. தாராவிக்குத் திரும்புகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அது வேறொன்றாக மாறும்.

வருவது மாதத்தில் ஒரு ஞாயிறு. சில மாதம் அதுவும் இல்லை. வந்தாலும் பாதி நாள் தூங்குவான். அவன் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள். எழுப்ப மனசு வராது, எழுப்பாமலும் இருக்க முடியாது.

இந்த வேலை கிடைத்தால்?

சாயங்காலம் இதே படிக்கட்டில் இரண்டு பேரும் சேர்ந்து இறங்கலாம். ஹார்பர் லைன் ரயிலில் அவன் முன்னால் இடித்து ஏறி அவளுக்கு இடம் பிடிக்கலாம். வீட்டில் மீன் சரியில்லை என்று அவன் குறை சொல்லலாம். தினமும் ஒருவன் குறை சொல்ல வீட்டில் இருப்பது எப்பேர்ப்பட்ட சுகம் என்று, தினமும் புருஷனோடு சண்டை போடும் பக்கத்து வீட்டு ஃபர்ஸானாவுக்குச் சொன்னால் புரியாது.

பரீட்சை எப்படிப் போனது என்று அவள் கேட்டபோது, "அதப் பத்திப் பேசக்கூடாதுன்னு ரூல் ஷமீ" என்று போனில் சொல்லிவிட்டான். நேர்மைக்காரன். அவளும் அப்புறம் கேட்கவில்லை.

"ஷமீமா."

ஜெயராம் தாளைக் கீழே வைத்திருந்தார். குரலில் இப்போது விளையாட்டு இல்லை. "ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதே. உன் வீட்டுக்காரரும் அப்ளிகேஷன் போட்டிருக்கார். இது அவரோட தாளா?"

"தெரியாது சார்."

"தெரியாதா, சொல்ல மாட்டியா?"

அவளுக்கு முகம் சுட்டது. "யாரோடதா இருந்தாலும் நாலு நாலுதான் சார். பலகையில இருக்கு. நான் சொல்லுதது பொய்யின்னா அழிச்சிருங்க."

அழிப்பதற்கு யாரும் எழுந்திருக்கவில்லை.

சங்கரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அவ சொல்றதுதான் சரி. எல்லாத் தாளையும் எடுங்கோ. மூணாம் கேள்வியை மறுபடி திருத்தறேன். ரெண்டு அர்த்தத்துல எதை எடுத்து முழுசா போட்டிருந்தாலும் மார்க். நாலை விட்டவாளுக்குக் கிடையாது. கீயைப் போட்ட எனக்கும் கிடையாது."

திருத்தினார். ஷமீமா சுவரோரம் நின்றாள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. சங்கரனின் சிவப்பு மை ஒவ்வொரு தாளாக இறங்கியது. பலர் மூன்றை நடுவில் வைத்து, நாலை வெளியே விட்டிருந்தார்கள். அதுவரை முதலிடத்தில் இருந்த தாளும் அப்படித்தான். அது சரிந்தது.

வாய்க்கொழுப்புத் தாள் மேலே ஏறியது.

"இதுதான் முதல்" என்றார் சங்கரன். "சந்தேகமே இல்லை. இப்படி ஒரு ஆளுதான் நமக்கு வேணும். கேள்வியையே கேள்வி கேக்கற ஆளு."

ஜெயராம் கணினியில் குறியீட்டு எண்ணை அடித்தார். ஷமீமா துப்பட்டா நுனியை விரலில் சுற்றி இறுக்கினாள். யா அல்லாஹ். ஒரு நாள் மட்டும் இல்லாமல், ஒரு நாளாவது என்று கெஞ்சாமல், எல்லா நாளும்.

"சாதனா" என்று படித்தார் ஜெயராம். "மான்குர்த். அட, பக்கத்துலயே இருக்கா!"

மின்விசிறி சுற்றியது. கீழே ஆட்டோக்காரன் எவனோ எவனையோ திட்டினான்.

"ஷமீமா, உட்காரும்மா" என்றார் சங்கரன்.

"நல்லது சார். நல்லா எழுதியிருக்கு அந்தப் புள்ள." அவள் குரல் அவளுக்கே தூரத்தில் கேட்டது. "மெயில அனுப்புங்க. நான் ஒரு போன் பண்ணிட்டு வாரேன்."

படிக்கட்டில் இறங்கி பாதியில் நின்றாள். அவனுக்கு யாரோ சொல்லித் தெரிவதற்கு முன்னால் தானே சொல்ல வேண்டும். தேற்ற வேண்டும். அடுத்த வருஷமும் ஆள் எடுப்பார்கள் என்று சொல்ல வேண்டும். அழக் கூடாது.

மணி அடித்தது. எடுத்தான். பின்னால் வகுப்பறைச் சத்தம் இல்லை.

"என்னங்க, ரிசல்ட் வந்துட்டு. இங்க ஒரு பொண்ணுக்குக் கிடைச்சிருக்கு. நீங்க மனசு விடாதிய. கீயே தப்பு, நாந்தான் சண்டை போட்டுத் திருத்தினேன். நீங்களும் நாலை விட்டுட்டியளோ? மூணாம் கேள்வி, a நாலு..."

மறுமுனையில் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"கோவமா? நான் சண்டை போடாம இருந்திருந்தா ஒருவேளை..."

"ஷமீ."

"சொல்லுங்க."

"நான் அந்தப் பேப்பரப் பாக்கவே இல்ல." அவன் மூச்சு விட்டது கேட்டது. "பரீட்சைக்கு நான் போகல. அன்னைக்குக் காலையில மஸ்கட்ல ஒரு ஸ்கூல் வேலைக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்."