பதினோராம் பக்கம்

வெளிநாட்டு மாமாவின் கடிதத்தில் நலம் விசாரிப்பே இல்லை. "கல்விக் கடனுக்கு நிலையான வட்டியா, மாறும் வட்டியானு கேட்டிருக்க. நிலையானதுன்னா எத்தனை வருஷத்துக்குன்னு முதல்ல பாரு. பாக்காம கையெழுத்துப் போட்டுட்டு அப்புறம் எங்கிட்ட அழாதே" என்று எழுதியிருந்தார்.

அந்த 'எத்தனை வருஷம்' மருமகனின் மண்டையைக் குடைந்தது.

வங்கியில் கடன் பிரிவு அம்மாள், "நிலையானதே எடுங்க தம்பி. ஒரு சதவீதம் கூடத்தான், ஆனா ஏறாது. என் பொண்ணுக்கும் அதைத்தான் எடுத்தேன்" என்றார்.

அவன் ஒப்பந்தத்தைப் புரட்டினான். பதினோராம் பக்கத்தில், எறும்பு ஊர்வதுபோல் பொடி எழுத்து: நிலையான வட்டி முதல் மூன்று ஆண்டுகளுக்கு மட்டும், அதன்பின் மாறும் வட்டி.

"மேடம், படிப்பு ரெண்டு வருஷம். அது முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சுத்தான் தவணை. அப்போ நான் கட்ட ஆரம்பிக்கிறப்பவே நிலையானது போயிடுமே? அதுவரைக்கும் அந்த ஒரு சதவீதம் எதுக்கு?"

அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டு அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். மாறும் வட்டிப் படிவத்தை அவன் பக்கம் நகர்த்தினார். பிறகு கைபேசியை எடுத்தார்.

"கண்ணு, பீரோவுல உன் லோன் பேப்பர் இருக்கும். பதினோராம் பக்கத்தை எடுத்துப் படி."