பங்க் மெஷின்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பூபதி வந்தான். என் மனைவி வெண்ணிலாவின் தம்பி. லைட்ஹவுஸ் குப்பத்தில் ஃபைபர் படகு வைத்திருக்கிறான்.

"மாமா, இந்த மாசத்தோட என் எஞ்சின் பாய்ண்ட்டு காலாவதியாம். ரெண்டு வருசம் ஆச்சில்ல?"

அவன் எஞ்சினை என் கிரெடிட் கார்டில்தான் வாங்கினோம். கூடுதல் கார்டு ஒன்று வெண்ணிலா பெயரில் இருந்தது. அவள்தான் தேய்த்தாள். பிடித்த மீனில் எஞ்சின் பங்கை எடுத்துவைத்துப் பூபதி கொஞ்சம் கொஞ்சமாக எனக்குக் கட்டி முடித்துவிட்டான்.

பையிலிருந்து மடித்த நோட்டீஸை எடுத்தான். வங்கி கொடுத்தது. எஞ்சின் வாங்கிய ஆகஸ்டில் ஒரே தடவையில் ஐம்பதாயிரத்துக்கு மேல் வாங்கினால் நூறு ரூபாய்க்குப் பத்து பாய்ண்ட்.

"ஒன்ற லட்சத்துக்குப் பதினஞ்சாயிரம் பாய்ண்ட்டு. பாய்ண்ட்டுக்கு நாலணா. மூவாயிரத்து எழுநூத்தம்பது ரூபா. மீதிய நான் போட்டு ஜிபிஎஸ் வாங்கிக்கறேன். போன வாரம் மூட்டத்துல ஆந்திராக்காரன் பக்கம் போய்ட்டேன். வலைய புடுங்கிக்கினு அனுப்சான். அடுத்த தபா படகையே புடிச்சி வெச்சிக்குவேன்றான்."

ஒன்றரை வருடமாக நான் ஸ்டேட்மெண்ட்டைத் திறக்கவில்லை. கார்டைப் பயன்படுத்தவும் இல்லை. திறந்தேன்.

இருப்பு 2,360 பாய்ண்ட்.

"இன்னா மாமா, பதினஞ்சாயிரம் எங்க?"

பழைய ஆகஸ்ட் ஸ்டேட்மெண்ட்டைத் தேடி எடுத்தேன். வெண்ணிலா கார்டின் கீழ் வரிசையாக இருந்தது. பொன்னேரி சூப்பர் மார்க்கெட், 2,140 ரூபாய், 105 பாய்ண்ட். அங்கே நூறுக்கு ஐந்து என்பது கணக்கு. முழு நூறுகள் இருபத்தொன்று. சரியாக இருந்தது. அதற்கு அடுத்த வரி எஞ்சின். 1,50,000 ரூபாய். பாய்ண்ட் பூஜ்யம். அதன் கீழே எரிபொருள் கூடுதல் கட்டணம் 1,500, வரி 270.

வங்கிக்குப் போன் செய்தேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னான் பூபதி.

"அந்தப் பரிவர்த்தனை பெட்ரோல் பங்க் வகையில் வந்திருக்கு சார்," என்றாள் போனை எடுத்த பெண். "எரிபொருளுக்குப் பாய்ண்ட் கிடையாது. நோட்டீஸ் அடியிலயே போட்டிருப்போம்."

"வாங்கினது படகு எஞ்சின்."

"எந்தக் கடை மெஷின்ல தேய்ச்சாங்களோ அந்த வகைதான் எங்களுக்குத் தெரியும். நாங்க மாத்த முடியாது சார். கூடுதல் கார்டுலதான் தேய்ச்சிருக்காங்க. மேடம்கிட்ட கேட்டுப் பாருங்க, எந்த மெஷின்னு."

பூபதி தரையைப் பார்த்தான்.

"கேட்கிறேன்," என்று சொல்லி வைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவனே தலையில் அடித்துக்கொண்டான்.

"எஞ்சின் கடையில மெஷினுக்கு சிக்னல் இல்ல மாமா. எதிர்ல பங்க்கும் அவனுதுதான். பையன் ஓடிப்போய் அந்த மெஷின எடுத்தாந்தான். அக்கா கூட கேட்டுச்சு, 'டீசல் போட்ட மாரி பில்லு வருமேடா'னு. நான்தான், 'எந்த மெஷினா இருந்தா இன்னா, துட்டு போய்ச் சேந்தா சரி, தேய் அக்கா'ன்னேன்."

ரசீது எங்கே என்று கேட்டேன். உப்புத் தண்ணீரில் எப்போதோ போய்விட்டதாம். ஆயிரத்து எழுநூற்று எழுபதைக் கடைக்காரனிடம் கேட்டுப் பார்க்கலாம் என்றேன்.

"குடுத்துட்டுதான் மறுவேல பாப்பான். சரி, இந்த ரெண்டாயிரத்துச் சொச்சம் எது?"

"உங்கக்கா வாங்கின மளிகை."

பாய்ண்ட் சேர்ந்த மாதத்திலிருந்து இரண்டு வருடம்தான். அதற்கு முன் அவள் சேர்த்தது ஏற்கெனவே மாதாமாதம் காலாவதியாகியிருந்தது. இந்த மாதக் கடைசியில் 412 போகும். வரும் ஜனவரியில் கடைசி 360 போகும். போன வருடம் பிப்ரவரியில் அவள் இல்லை.

"ஜிபிஎஸ்ஸுக்கு நான் பணம் தர்றேன்," என்றேன். "இது இருக்கட்டும்."

"உன் காசு எனக்கு வேணாம். அக்காது குடு."

"ஐந்நூறு ரூபாய்தான் வரும்."

"வரட்டும். இங்க வெச்சி இன்னா பண்ணப் போற? மாசாமாசம் வங்கிக்காரன் திங்கறத பாத்துக்கினு இருப்பியா? நீயும் ஒழுங்கா துன்றதில்ல."

பரிசுப் பட்டியலைத் திறந்தேன். ஐந்நூறு ரூபாய் வவுச்சர், 2,000 பாய்ண்ட். போனுக்கு ரகசிய எண் வந்தது. போட்டேன். வவுச்சரை அவன் போனுக்கு அனுப்பினேன்.

"வந்துச்சு," என்றான். "மீதி நாலு நாள் நண்டு நல்லா வுழுந்தா தேத்திடலாம்." வாசலில் நின்று திரும்பினான். "சாப்ட்டியா?"

"இனிமேல்தான்."

"மதியம் ஊட்டாண்ட வா மாமா. கெளுத்தி வெச்சிருக்கு." போய்விட்டான்.

திரையில் 360 இருந்தது. எடுக்கும்போது பழைய பாய்ண்ட்தான் முதலில் கழியும். மிஞ்சியது அந்தக் கடைசி ஜனவரியில் அவள் வாங்கியது. எடுக்க ஐந்நூறு பாய்ண்டாவது வேண்டும் என்று கீழே எழுதியிருந்தது.

ஸ்டேட்மெண்ட்டை மூடினேன். சட்டையை மாட்டிக்கொண்டு குப்பத்துக்குக் கிளம்பினேன்.