வடிவம்மாளின் இடப்பக்கத் தலைமுடி

எனக்கு வாய் நீளம். சுங்கை பினாங்குல எங்க அத்தாப்பு ஓலை வீட்டு வரிசையில யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. அந்த வாய இழுத்து மூட வச்சது ரெண்டே பேரு. ஒண்ணு, எங்க வீட்டுக்காரரு. இன்னொண்ணு பக்கத்து வீட்டுக் காத்தாயி. அவ எப்படி மூட வச்சான்னுதான் சொல்ல வரேன்.

காத்தாயிக்கு ஒரே தம்பி, கார்த்திகேசு; அவ வீட்டுலதான் இருந்தான். துறைமுகத்துல மூட்டை தூக்குற ஆளு. அவன் பொண்டாட்டி வடிவம்மாளுக்கு இடுப்பு வரைக்கும் சுருட்டை முடி. பாக்கப் பாக்க ஆசையா இருக்கும். அந்த வருஷம் அவளுக்குக் காய்ச்சல் வந்து இருபது நாள் பாயோட கெடந்தா. தலையில சீப்பு படல, எண்ணெய் படல. காய்ச்சல் விட்டு எந்திரிச்சு உக்காந்தப்ப பின்மண்டை முழுக்கத் தேங்கா நார் மாதிரி முடி சிக்கிக் கெட்டியா நின்னுச்சு.

காத்தாயி அதப் பாத்துட்டுக் கன்னத்துல போட்டுக்கிட்டா. "மாரியாத்தா எறங்கிட்டா! இது சடை. இனிமே யாரும் சீப்பு வைக்கக்கூடாது"ன்னுட்டா.

அவ்ளோதான். மறுநாளே நாலு பொம்பளைங்க வேப்பிலையும் எலுமிச்சையும் கொண்டாந்து வடிவு முன்னால உக்காந்து, புள்ளைக்கு எப்ப கல்யாணம், காணாமப் போன மாடு எப்ப கெடைக்கும்னு குறி கேக்க ஆரம்பிச்சாங்க. வடிவுக்கு என்ன தெரியும், பாவம்! ஆடி மூணாம் வெள்ளிக்கிழமை கோயில்ல வடிவுக்கு மஞ்சச்சேலை கட்டி அவள அம்மனுக்கு விட்டுடறதுன்னு காத்தாயி முடிவே பண்ணிட்டா. அப்புறம் புருஷன் ஒரு வீடு, இவ ஒரு மூலை. கார்த்திகேசு அக்கா பேச்ச மீற மாட்டான். தலையக் குனிஞ்சுக்கிட்டு வேலைக்குப் போயிட்டான், தடியன்.

நான் கஞ்சி கொண்டு போனப்ப வடிவு என் கையப் புடிச்சுக்கிட்டா. "நவமணிக்கா, எனக்கு அம்மனா இருக்க வேணாம்கா. எனக்கு அவரோட குடும்பம் பண்ணணும்"னு அழுதா.

எனக்கு வந்துச்சே கோவம்! காத்தாயி காலையில ஒரு வீட்டுக்குத் துணி தொவைக்கப் போவா. அந்த நேரமாப் பாத்து ஒரு நாள் போய் உக்காந்தேன். தேங்கா எண்ணெய நல்லா ஊற வச்சு, விரலாலேயே நுனியிலேர்ந்து மேல மேல பிரிச்சேன். வேர்லேர்ந்து இழுத்தா முடிச்சு இறுகும், முடி அறுந்துடும். உதிர்ந்த முடியெல்லாம் உள்ளயே மாட்டிக்கிட்டுத்தான் அத்தன சிக்கு. இடப்பக்கம் பாதித் தலை பிரிஞ்சுது. வலப்பக்கம் மிச்சம். இடப்பக்கத்த அப்படியே விரிச்சு விட்டுட்டு வெற்றிகரமா வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் விடியக்காலையில காத்தாயி சத்தம் போட்டது துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும். இடப்பக்கம் மறுபடியும் சிக்கிக் கெடக்கு!

"பாத்தியாடி? நீ பிரிச்ச, அவ ஒரே ராத்திரியில திருப்பிக் கட்டிட்டா! ஆத்தாகிட்டயே வெளையாடுறியா?"

பொய் சொல்ல மாட்டேன். ஒரு நிமிஷம் நானும் நெசமாவே ஆத்தாதானோன்னு நெனச்சேன். அப்புறந்தான் வடிவோட தலவாணி கண்ணுல பட்டுச்சு. கோதுமை மாவுச் சாக்கத் தச்சு, உள்ள பஞ்சு அடைச்சது. கையால தடவிப் பாத்தேன், சொரசொரன்னு முடியப் புடிச்சு இழுக்குது. காய்ஞ்ச சுருட்டை முடிய அதுல விரிச்சுப் போட்டு ராத்திரி முழுக்கப் பொரண்டா சிக்காம என்ன பண்ணும்? என் கூமுட்டைத்தனத்த நானே திட்டிக்கிட்டேன்.

சூலியா தெருவுல நூர்ஜான் இருக்கா, அவளுக்கும் முழங்கால் வரைக்கும் சுருட்டை. அவகிட்ட ஓடினேன். "முடிய விரிச்சு விட்டுட்டுத் தூங்க வச்சியா? ரெண்டு பின்னலாப் பின்னு, ஆனா தளர்வா. இறுக்கினா நோயில கெடந்த தலை, வேரோட வந்துடும். ஈரத்தோட பின்னாத. தலவாணிக்குப் பட்டுத்துணி சுத்து, முடி வழுக்கிக்கிட்டுப் போகும். நுனியக் கந்தல் துணியால கட்டு, நூலு வேணாம், அறுத்துடும்"னா.

நேராக் காத்தாயிகிட்டப் போனேன். "இடப்பக்கத்த எங்கிட்ட விடு. பத்து நாள். பத்தாம் நாள் அதுல சடை விழுந்திருந்தா நானே மஞ்சச்சேலை எடுத்துத் தரேன். விழலைன்னா வலப்பக்கத்தையும் பிரிக்கணும்."

"பின்னிக் கட்டி வச்சா எப்படிடி சடை விழும்?"

"ஏன், ஊரையே காக்குற ஆத்தாவுக்கு ஒரு கந்தல் துணி அவுக்கத் தெரியாதா?"

அவ மூஞ்சிய வெட்டிக்கிட்டு, "சரி. ஆனா ராத்திரியில அவ பக்கத்துல நான்தான் படுப்பேன். காலையில நான்தான் அவுப்பேன்"னா. படுத்துக்கோடி ராசாத்தி, எனக்கென்ன!

இடப்பக்கத்த மறுபடியும் பிரிச்சேன். என் கல்யாணப் பட்டுச்சேலையில கிழிஞ்ச பக்கத்த வெட்டித் தலவாணிக்குச் சுத்தினேன். எங்க வீட்டுக்காரரு பாத்துட்டு மொறைச்சாரு, நான் கண்டுக்கல. தெனம் சாயங்காலம் முடி நல்லா காய்ஞ்சதுக்கப்புறம் நுனியில துளி எண்ணெய் தொட்டு, கழுத்துக்குக் கீழேர்ந்து ரெண்டு பின்னலா, ஒரு விரல் உள்ள நுழையுற அளவுக்குத் தளர்வாப் பின்னுவேன். முதுகுக்கு அடியில மாட்டாம தலவாணிக்கு மேல தூக்கிப் போட்டுக்கச் சொல்லுவேன். வலப்பக்கம் சிக்கு சிக்காவே தொங்கிக்கிட்டிருக்கும். வடிவு தெனம் காலையில இடப்பக்கத்தத் தொட்டுப் பாத்துட்டுத்தான் கண்ணத் தொறப்பாளாம்.

முதல் நாள் காத்தாயி பின்னல அவுத்தப்ப லேசா நுனி சிக்கல். "பாரு, பாரு!"ன்னா. விரலால ரெண்டு தடவ தடவினேன், போயிடுச்சு. அஞ்சாம் நாள் அவ அவுத்துட்டு நேரா வேலைக்குப் போயிட்டா. எட்டாம் நாள் குறி கேக்க வந்த பொம்பளைங்கள அவளே வாசல்லேர்ந்து திருப்பி அனுப்பிட்டா.

பத்தாம் நாள் காலையில நான் போறதுக்கு முன்னாடியே காத்தாயி பின்னல அவுத்துக்கிட்டிருந்தா. ரெண்டையும் அவுத்து, விரல வேர்ல வச்சு நுனி வரைக்கும் இழுத்தா. எங்கயும் நிக்கல. சுருள் சுருளா இடுப்பு மேல விழுந்துச்சு. நான் இடுப்புல கைய வச்சுக்கிட்டு நின்னேன். 'என்னடி, உங்க ஆத்தா எங்கடி போனா'ன்னு கேக்க நாக்கு நுனியில வார்த்தை தயாரா இருந்துச்சு.

காத்தாயி என்னப் பாக்காமலே பேசினா. "எங்க அம்மாவுக்கும் இப்படித்தான் ஆச்சு, நவமணி. தாசேக் கெலுகோர் ரப்பர் தோட்டத்துல, அஞ்சாவது புள்ள பொறந்து படுத்துக் கெடந்தப்ப. சாக்குத் தலவாணிதான். பதினோரு வருஷம் சீப்பே படல. அப்பாவ விட்டுத் தனியா ஒரு குடிசையில வச்சோம். தலை கனக்குது, பேனு கடிக்குது, வெட்டி விடுங்கடின்னு அழும். ஆத்தா முடி, வெட்டினா பாவம்னு சொல்லிட்டோம். அப்படியே செத்துச்சு."

அப்புறம் என்னப் பாத்தா. "அது வெறும் சிக்குதானா?"

நான் வாயத் தொறந்தேன். ஒரு வார்த்தையும் வரல. கொஞ்ச நேரம் முன்னாடி இவள வாயால குத்திக் கிழிக்க நின்னேனேன்னு என் மேலயே எனக்கு வெறுப்பா இருந்துச்சு.

வடிவுதான் எந்திரிச்சா. எண்ணெய்க் கிண்ணத்த எடுத்துக் காத்தாயி மடியில வச்சுட்டு, முதுகத் திருப்பிக்கிட்டு அவ முன்னால உக்காந்தா. வலப்பக்கத்த எடுத்துப் பின்னால போட்டா.

"பிரிங்க மதினி."

காத்தாயி எண்ணெயத் தொட்டுக் கெட்டியா நின்ன சிக்கோட நுனியில விரல வச்சா. மெதுவா ஒரு முடிய எடுத்தா, அப்புறம் இன்னொண்ணு.

"வலிச்சா சொல்லு தாயி"ன்னா. கண்ணுலேர்ந்து பொலபொலன்னு கொட்டுது. "எங்க அம்மாவும் சொல்லுச்சு. நாங்கதான் கேக்கல."